ஐவர் குறிப்பு, மூன்று குறிக்கோள்: பக்கவாத மறுவாழ்வில் வாரத் திட்டம் எழுதும் முறை

பக்கவாதம் வந்தவர் உயிராபத்தைத் தாண்டிய பிறகு தொடங்கும் மறுவாழ்வுச் சிகிச்சை ஒரு குழுவின் வேலை. நிற்கவும் நடக்கவும் பழக்குபவர் பிசியோதெரபிஸ்ட். சட்டை போடுவது, சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைக் கற்றுத்தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சையும் விழுங்குவதையும் கவனிப்பவர் பேச்சு சிகிச்சையாளர். மருந்தையும் மூட்டுகளின் நிலையையும் பார்ப்பவர் மருத்துவர். இரவும் பகலும் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். இந்த ஐவரும் அன்றன்று கண்டதை எழுதிவைக்கிறார்கள். வாரக் கடைசியில் ஒரு நோயாளியைப் பற்றிப் பல பக்கங்கள் சேர்ந்துவிடும். அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு, "போன வாரத்தைவிட இந்த வாரம் இவரால் என்ன கூடுதலாக முடிகிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வரியில் பதில் கிடைக்காது.

அந்தப் பக்கங்களைப் பிரித்து, சேர்த்து, அசைவுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, அன்றாட வேலைக்கு ஒன்று என மூன்று வாரக் குறிக்கோள்களாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்ற மதிப்பெண் போடும் முறை இங்கே ஒரு நோயாளியின் எடுத்துக்காட்டோடு விளக்கப்படுகிறது.

குறிப்புகள் சிதறும் விதம்

மருத்துவமனைக் கேஸ் ஷீட் நெடுங்காலமாக, எழுதியவர் யார் என்பதை வைத்தே அடுக்கப்பட்டு வந்தது. டாக்டர் எழுதியது ஓரிடம், நர்ஸ் எழுதியது ஓரிடம், பரிசோதனை முடிவுகள் ஓரிடம். அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் இந்த அடுக்குமுறையின் குறையை 1968இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். எழுதியவர் வாரியாக அடுக்கினால் ஒரே பிரச்சினை பற்றிய செய்திகள் பல தாள்களில் பிரிந்து கிடக்கும். ஆகவே நோயாளியின் பிரச்சினை வாரியாக அடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அரை நூற்றாண்டு கடந்தும் பல வார்டுகளில் பிசியோதெரபி தாளும் நர்ஸ் ரெஜிஸ்டரும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வாய்ப்பு குறைவு.

பக்கவாதத்தில் இதன் விளைவு கூடுதலாகத் தெரியும். மூளையில் ஏற்பட்ட ஒரே சேதம் கை, கால், பேச்சு, விழுங்கல், கவனம், மனநிலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாதிக்கிறது. கால் பற்றிய ஒரு குறிப்புக்கான விளக்கம் பேச்சு பற்றிய குறிப்பில் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் அது தெரியவரும்.

ஒரு நோயாளி, ஒரு வாரம்

எடுத்துக்காட்டாக, 58 வயதான மளிகைக் கடைக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் வலது காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சும் போய்விட்டது, நினைப்பதைச் சொல்ல வார்த்தை வருவதில்லை. பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம். கூட இருப்பவர் மனைவி. அந்த வாரம் அவரைப் பற்றி எழுதப்பட்ட வரிகளில் சில இவை:

திங்கள், பிசியோதெரபிஸ்ட்: "உட்காரும் சமநிலை நன்று. எழுந்து நிற்க ஒருவர் உதவி தேவை."

செவ்வாய், பேச்சு சிகிச்சையாளர்: "ஒரே செயலைச் சொன்னால் 10க்கு 9 முறை சரியாகச் செய்கிறார். இரண்டு செயல்களைச் சேர்த்துச் சொன்னால் 10க்கு 5. பொருளின் பெயர் சொல்வது 10க்கு 2; முதல் எழுத்தின் ஒலியை எடுத்துக்கொடுத்தால் 6. தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும்."

புதன், இரவு நர்ஸ்: "கழிப்பறைக்கு இருவர் தாங்கி நடத்திச் சென்றோம். நோயாளி ஒத்துழைக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கியபோது கத்தினார்."

வியாழன், பிசியோதெரபிஸ்ட்: "நான்கு கால் ஊன்றுகோல், கணுக்கால் தாங்கியுடன் 10 மீட்டர் நடந்தார். ஒருவர் லேசாகப் பிடித்தால் போதும். நல்ல முன்னேற்றம்."

வியாழன், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: "மேல்சட்டை போடுவதில் நான்கு படிகளில் இரண்டைத் தானே செய்கிறார். வலது தோளில் வலி."

வெள்ளி, மருத்துவர்: "வலது தோள் மூட்டு ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது."

வெள்ளி, பகல் நர்ஸ்: "மனைவி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் கொடுத்தார். குடித்ததும் இருமல்."

இந்த வரிகள் ஒவ்வொன்றும் அதை எழுதியவர் அளவில் சரியானதுதான். ஆனால் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் தொடங்குவது?

முதல் வேலை: வரிகளைப் பிரித்தெடுத்தல்

குழுவில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். யார் என்பது முக்கியமில்லை. வாரம் தவறாமல் அவரே செய்ய வேண்டும். எல்லாத் தாள்களையும் எடுத்து, நோயாளி என்ன செய்தார் என்று சொல்லும் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நாள், வேளை, எழுதியவர் இந்த மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பின்னால் முரண்பாடு வரும்போது யாரிடம் கேட்பது என்று தெரியாது.

இந்தக் கட்டத்தில் கண்டதையும் கருத்தையும் பிரித்துவைப்பது அவசியம். "10 மீட்டர் நடந்தார்" என்பது கண்டது. "நல்ல முன்னேற்றம்" என்பது கருத்து. "கத்தினார்" கண்டது, "ஒத்துழைக்கவில்லை" கருத்து. கருத்துகளைத் தூக்கி எறியக் கூடாது. தனியே ஒரு பத்தியில் வைத்து, "எதைப் பார்த்து இப்படி எழுதினீர்கள்?" என்று எழுதியவரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு முக்கியமான செய்தி இருக்கும்.

எந்தத் தாளிலும் இல்லாதவற்றையும் எழுதவேண்டும். இந்த நோயாளி பகலில் கழிப்பறைக்கு எப்படிப் போகிறார் என்று யாரும் எழுதவில்லை. பகலில் 10 மீட்டர் நடக்கிறார், ஆகவே கழிப்பறைக்கும் நடந்துதான் போவார் என்று ஊகித்து நிரப்பிவிட்டால் அந்தத் தாள் பொய்யாகிவிடும். "பதிவு இல்லை" என்று எழுதி, மறுநாள் பார்த்து நிரப்புவதே முறை.

இரண்டாம் வேலை: செயல் வாரியாக அடுக்குதல்

அடுத்து, எடுத்த வரிகளை அசைவு, பேச்சு, அன்றாட வேலை என்ற மூன்று தலைப்புகளின் கீழ் வைக்க வேண்டும். எழுதியவரின் துறையைப் பார்த்து வைக்கக் கூடாது. வரி எந்தச் செயலைப் பற்றியது என்று பார்த்து வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இரவு நர்ஸ் எழுதிய கழிப்பறை வரி, பிசியோதெரபிஸ்ட் எழுதிய 10 மீட்டர் வரிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். உடனே முரண்பாடு கண்ணில் படும். வியாழன் பகலில் ஒருவர் லேசாகப் பிடித்தால் நடப்பவரை, புதன் இரவில் இருவர் தாங்க வேண்டியிருந்தது ஏன்?

இப்படி முரண்பாடு வந்தால், இரண்டில் ஒன்றைச் சரியென்று வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவது வழக்கமான தவறு. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயல்திறன் வகைப்பாடு இங்கே உதவுகிறது. சீரான சூழலில் ஒருவரால் அதிகபட்சம் செய்ய முடிவது ஒன்று. அவர் வாழும் சூழலில் உண்மையில் செய்வது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்கிறது அந்த வகைப்பாடு. பிசியோதெரபி அறையில் நல்ல வெளிச்சம், வழுக்காத தரை, காலில் தாங்கி, பழகிய குரல். இரவு வார்டில் இவை எதுவும் இல்லை. இரண்டு குறிப்புகளுமே உண்மை, சூழல்தான் வேறு.

மற்ற வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகிறது. இரண்டு செயல்களைச் சேர்த்துச் சொன்னால் இவருக்குப் பாதிதான் புரிகிறது என்கிறது பேச்சு சிகிச்சையாளரின் குறிப்பு. இரவு நர்ஸிடம் கேட்டால், "எழுந்திருங்க, கட்டில் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு வலது காலை முன்னால வைங்க" என்று ஒரே மூச்சில் சொன்னதாகச் சொல்வார். மூன்று செயல்கள். நோயாளி திகைத்து நின்றார். அது ஒத்துழையாமையாகத் தெரிந்தது. நேரம் ஆகிறதே என்று வலது கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்தத் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருந்தன. மூட்டு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கலாம். வலி தாங்காமல் கத்தினார். மறுநாள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வலியைப் பார்த்தார். அதற்கு மறுநாள் மருத்துவர் மூட்டைப் பார்த்தார். நான்கு பேர் எழுதிய நான்கு வரிகள் ஒரே கதையின் நான்கு துண்டுகளாக இருந்தன.

வாரத் திட்டத்துக்காகக் குறிப்புகளைச் சேர்ப்பதில் கிடைக்கும் பெரிய பலன் இது. மதிப்பெண் போடுவதற்கு முன்பே, இரண்டு விதிகள் தாமாகக் கிடைத்துவிட்டன: இவரிடம் ஒரு நேரத்தில் ஒரு செயலைத்தான் சொல்ல வேண்டும், வலது கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. இரண்டையும் கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டலாம்.

குறிக்கோளாகாதவை: பாதுகாப்பு வரிகள்

தண்ணீர் குடித்து இருமிய செய்தி எந்தத் தலைப்பின் கீழும் போகக் கூடாது. விழுங்கும் தசைகள் சரியாக இயங்காதபோது மெல்லிய திரவம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரக்கூடும். இதைக் குறிக்கோளாக எழுதி ஒரு வாரம் காத்திருந்து மதிப்பெண் போட முடியாது. உடனே அன்றே சரிசெய்ய வேண்டும். ஆகவே வாரத் தாளின் தலைப்பகுதியில் பாதுகாப்புக்கு என்று தனியிடம் தேவை. விழுங்கல், விழும் ஆபத்து, படுக்கைப் புண், தோள், ரத்த அழுத்தம் ஆகியவற்றில் எச்சரிக்கை எதுவும் இருந்தால் அங்கே வரவேண்டும். யார் இன்றே என்ன செய்வார் என்பதும் பக்கத்தில் வரவேண்டும்.

இந்த நோயாளியின் விஷயத்தில் கெட்டியாக்கிய தண்ணீர் பற்றிய அறிவுரை பேச்சு சிகிச்சையாளரின் தாளில் செவ்வாய்க்கிழமையே இருந்தது. மனைவிக்கு அது போய்ச் சேரவில்லை. கணவர் தாகத்தில் சைகை காட்டியபோது அவர் செய்தது யாரும் செய்யக்கூடியதுதான்.

மூன்றாம் வேலை: குறிக்கோளை எழுதுதல்

நல்ல வாரக் குறிக்கோளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாரக் கடைசியில் இருவர் தனித்தனியே நோயாளியைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தைப் படித்தால், இருவரும் ஒரே மதிப்பெண்ணைப் போட வேண்டும். "நடையை மேம்படுத்துதல்" என்று எழுதினால் இது நடக்காது. "தினமும் 30 நிமிடம் நடைப் பயிற்சி" என்று எழுதினாலும் நடக்காது. அது சிகிச்சையாளர் கொடுக்கப்போவதைச் சொல்கிறதே தவிர, நோயாளி செய்யப்போவதைச் சொல்லவில்லை. பயிற்சி முழுவதையும் கொடுத்துவிட்டு, நோயாளி அதே இடத்தில் நின்றாலும் அந்த வாக்கியம் நிறைவேறிவிடும்.

ஆகவே வாக்கியத்தில் நோயாளியே எழுவாயாக இருக்க வேண்டும். அவர் செய்யும் செயல், செய்யும் இடம், உதவியின் அளவு, பார்க்கும் நாள் ஆகியவை இருக்க வேண்டும். உதவியின் அளவுக்கு எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த ஒப்புக்கொள்ள வேண்டும். "லேசான உதவி" என்பது ஒருவருக்கு விரல் படுவது, இன்னொருவருக்குப் பாதி எடையைத் தாங்குவது. அதைவிட "இருவர் பிடிக்க", "ஒருவர் பிடிக்க", "தொடாமல் ஒருவர் பக்கத்தில் நிற்க", "தனியாக" என்ற நான்கு சொற்றொடர்கள் நோயாளியின் குடும்பத்துக்கும் புரியும்.

எதைக் குறிக்கோளாக வைப்பது என்பதில் நோயாளியின் விருப்பத்துக்கு முதலிடம். பேச முடியாதவரிடம் கேட்பது எப்படி? படங்களைக் காட்டி, ஆமாம், இல்லை என்று தலையசைக்கச் செய்யலாம். அந்தத் தலையசைப்பு நம்பத்தக்கதா என்பதைப் பேச்சு சிகிச்சையாளர் முதலில் உறுதிசெய்ய வேண்டும். பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும். இந்த நோயாளி கழிப்பறைப் படத்தையும் சட்டைப் படத்தையும் மறுபடி மறுபடி தொட்டுக் காட்டுகிறார் என்று கொள்வோம். இரவில் இருவர் தூக்கிப் போவதும், இன்னொருவர் கையால் சட்டை போட்டுக்கொள்வதும் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வாரத்தின் மூன்று குறிக்கோள்கள் இப்படி அமையலாம்.

அசைவு: வரும் சனிக்கிழமைக்குள், இரவில், கட்டிலிலிருந்து வார்டு கழிப்பறைவரை ஊன்றுகோலும் கணுக்கால் தாங்கியும் கொண்டு ஒருவர் மட்டும் பிடிக்க நடந்து போவார்.

பேச்சு: ஐந்து அன்றாடத் தேவைகளில் மூன்றை, சொல்லாலோ சைகையாலோ படப் பலகையைத் தொட்டோ, அந்த வேளை நர்ஸுக்குப் புரியும்படி தெரிவிப்பார்.

அன்றாட வேலை: முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை உட்கார்ந்தபடி போடும்போது, நான்கு படிகளில் மூன்றை யாரும் தொட்டு உதவாமல் செய்வார்.

சட்டையின் நான்கு படிகள் எவை என்பதும் தாளில் இருக்க வேண்டும். பலவீனமான வலக் கையை முதலில் சட்டைக் கையில் நுழைப்பது, சட்டையை வலத் தோளுக்கு ஏற்றி முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருவது, இடக் கையை நுழைப்பது, பொத்தான் போடுவது. பலவீனமான கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும். இதைத் தெரிந்துகொண்டால் மனைவியும் அதே வரிசையில் பழக்குவார்.

நான்காம் வேலை: ஐந்து படி அளவுகோல்

குறிக்கோளை எழுதிய அன்றே அதற்கான மதிப்பெண் அளவுகோலையும் எழுதிவிட வேண்டும். இதற்கு மறுவாழ்வுத் துறையில் பரவலாகப் பயன்படும் முறையை அமெரிக்காவின் தாமஸ் கிரெசுக்கும் ராபர்ட் ஷெர்மனும் 1968இல் மனநலச் சேவைக்காக உருவாக்கினார்கள். வீட்டின் கட்டுரை வந்ததும் அதே ஆண்டுதான். குறிக்கோள் எட்டும் அளவைக் காட்டும் இந்த முறையில் ஐந்து படிகள் உண்டு. எதிர்பார்த்ததை எட்டினால் பூஜ்யம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடினால் கூட்டல் 1, நிறையக் கூடினால் கூட்டல் 2. கொஞ்சம் குறைந்தால் கழித்தல் 1, நிறையக் குறைந்தால் கழித்தல் 2.

முன்னேற்ற மதிப்பெண்ணில் பூஜ்யம் நல்ல செய்தி என்பது முதலில் குடும்பத்துக்குக் குழப்பமாக இருக்கும். எனவே தாளில் எண்ணோடு சொல்லையும் எழுதுவது நல்லது: "எதிர்பார்த்தபடி".

நோயாளியின் இன்றைய நிலையை எந்தப் படியில் வைப்பது? பெரும்பாலும் கழித்தல் 1இல் வைக்கிறார்கள். கழித்தல் 2 காலியாக இருந்தால்தான் நிலைமை மோசமானால் அதைப் பதிய முடியும். இன்றைய நிலையே படுமோசமாக இருந்து, அதற்குக் கீழே போக இடமில்லை என்றால் மட்டும் கழித்தல் 2இல் தொடங்கலாம்.

அசைவுக் குறிக்கோளுக்கு அளவுகோல் இப்படி இருக்கும்:

கழித்தல் 2: நடக்கவே முடியவில்லை, வீல்சேர் அல்லது படுக்கைப் பாத்திரம்.
கழித்தல் 1 (இன்றைய நிலை): இருவர் பிடிக்க நடக்கிறார்.
பூஜ்யம்: ஒருவர் பிடிக்க நடக்கிறார்.
கூட்டல் 1: தொடாமல் ஒருவர் பக்கத்தில் நிற்க நடக்கிறார்.
கூட்டல் 2: தனியாக நடக்கிறார்.

இதில் படிக்குப் படி மாறுவது ஒன்றுதான்: உதவி. தூரம், இடம், வேளை, ஊன்றுகோல் எல்லாம் எல்லாப் படிகளிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு படியில் தூரத்தைக் கூட்டி, இன்னொரு படியில் உதவியைக் குறைத்தால், தூரம் கூடி உதவி குறையாத நோயாளிக்கு எந்த மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் குழு திணறும்.

பேச்சுக்கு எண்ணிக்கையே அளவுகோல். ஐந்து தேவைகளில் எதுவும் தெரிவிக்க முடியாவிட்டால் கழித்தல் 2, ஒன்றோ இரண்டோ தெரிவித்தால் கழித்தல் 1, மூன்று பூஜ்யம், நான்கு கூட்டல் 1, ஐந்தும் கூட்டல் 2. இதைப் பார்க்கும் விதத்தையும் எழுதவேண்டும். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஸ்பூனை வைக்காமல் விடுவது, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது போன்ற ஐந்து சூழல்களை நர்ஸ் உருவாக்குவார். மனைவி பக்கத்தில் இருந்தால் கணவர் கண்ணசைப்பதற்குள் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். அன்பில் செய்வதுதான், ஆனால் அளவு பார்க்கும் நேரத்தில் அவர் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். படப் பலகையில் எழுதும் சொற்களும் வீட்டில் புழங்கும் சொற்களாக இருக்க வேண்டும். ஆயுள் முழுதும் சோறு என்று சொன்னவரிடம் உணவு என்ற அட்டையைக் காட்டினால் அது வேறொரு தேர்வாகிவிடும்.

சட்டைக்கு, ஒரு படியோ அதற்குக் குறைவோ கழித்தல் 2, இரண்டு படிகள், இன்றைய நிலை, கழித்தல் 1, மூன்று பூஜ்யம், வாயால் சொல்லித்தந்து நான்கும் செய்தால் கூட்டல் 1, யாரும் சொல்லாமல் நான்கும் செய்தால் கூட்டல் 2.

ஒருநாள் நன்றாக இருப்பதும் மறுநாள் தளர்வதும் பக்கவாதத்தில் சகஜம். ஒரே முறை பார்த்து மதிப்பெண் போட்டால் அந்த நாளின் களைப்போ உற்சாகமோ மதிப்பெண்ணாகிவிடும். ஆகவே வாரத்தின் கடைசி மூன்று நாள்களில் பார்த்து, இரண்டு நாள்களாவது எட்டிய படியை எடுப்பது என்று விதி வைக்கலாம். முதலில் வைத்த விதி எதுவானாலும் நடுவில் மாற்றக் கூடாது.

சனிக்கிழமை மேசை

வாரக் கடைசியில் குழு கூடும்போது மதிப்பெண்ணை முன்வைப்பவர், முடிந்தவரை அந்தப் பயிற்சியைக் கொடுத்தவராக இல்லாமலிருப்பது நல்லது. இரவு நடையை இரவு நர்ஸ் பார்த்திருக்கிறார், அவர் சொல்லட்டும். நம் நோயாளிக்கு அந்த வாரம் கிடைத்தவை: நடை பூஜ்யம், பேச்சு கூட்டல் 1, சட்டை கழித்தல் 1.

மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். இந்த முறையில் எல்லா மதிப்பெண்களையும் சேர்த்து ஒரே எண்ணாக மாற்றும் சூத்திரமும் உண்டு. மூன்றுக்கும் சம எடை கொடுத்தால் இவருக்கு 50 வரும். அந்த அளவில் 50 என்றால் எதிர்பார்த்தபடி என்று பொருள். ஆனால் அந்த 50ஐ மட்டும் பார்ப்பவருக்குச் சட்டையில் ஒரு அடிகூட நகரவில்லை என்பது தெரியாது. வாரச் சந்திப்பில் கூட்டுத்தொகைக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

சட்டை ஏன் நகரவில்லை? கையைச் சட்டைக்குள் நுழைக்கும் முதல் படியிலேயே தோள் வலிக்கிறது; அதோடு நிறுத்திவிடுகிறார். ஆகவே குறிக்கோளைக் கீழே இறக்குவதோ பயிற்சி நேரத்தைக் கூட்டுவதோ தீர்வாகாது. முதலில் வலியைப் பார்க்க வேண்டும். உட்காரும்போது முன்கையைத் தலையணையில் தாங்கவைப்பது, புரட்டும்போது தோளைத் தாங்கிப் பிடிப்பது, வலிக்கு மருத்துவர் சொல்லும் சிகிச்சை. குறிக்கோளும் அளவுகோலும் அடுத்த வாரத்துக்கும் அப்படியே தொடரும். பக்கத்தில் "தடை: தோள் வலி" என்ற வரி சேரும். நடையில் குறிக்கோள் எட்டப்பட்டதால் புதிய குறிக்கோள் வரும். பழைய பூஜ்யமே புதிய தாளில் கழித்தல் 1 ஆகும்.

மதிப்பெண்களைப் படிக்கும் விதம்

ஒரு குழு எல்லா நோயாளிகளுக்கும் வாராவாரம் கூட்டல் 1, கூட்டல் 2 என்றே போட்டுக்கொண்டிருந்தால், நோயாளிகள் அதிசயமாகத் தேறுகிறார்கள் என்று பொருளாகாது. குறிக்கோள்களை எளிதாக வைக்கிறார்கள் என்பதே பொதுவான காரணம். எல்லாமே கழித்தலில் இருந்தால் குறிக்கோள் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பூஜ்யத்தைச் சுற்றி இரு பக்கமும் பரவியிருப்பதுதான் சரியாக எழுதப்பட்டதற்கு அடையாளம்.

ஒரே நோயாளிக்கு மூன்று வரிகளும் ஒரே வாரத்தில் கீழே இறங்கினால் காரணம் பயிற்சிக்கு வெளியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்று, புதிதாகக் கொடுத்த தூக்க மருந்து, மனச்சோர்வு, சில சமயம் இன்னொரு பக்கவாதம். திடீரென நிகழ்ந்த சரிவானால் சனிக்கிழமைக்குக் காத்திருக்கவே கூடாது. அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும். மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது பேச்சிழந்தவரிடம் கடினம். சாப்பாட்டில் விருப்பம் குறைவது, பயிற்சிக்கு முகம் திருப்புவது, காரணமின்றி அழுவது என்று நர்ஸும் மனைவியும் சொல்லும் சிறு செய்திகளே அங்கே வழிகாட்டும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. அளவுகோல் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக வெட்டித் தைத்த சட்டை. ஒருவருடைய கூட்டல் 1ஐ இன்னொருவருடைய கூட்டல் 1உடன் ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் தேவை. அமெரிக்காவின் மேரிலாந்தில் டோரதியா பார்தலும் புளோரன்ஸ் மஹோனியும் 1965இல் வெளியிட்ட பார்தல் அட்டவணை அப்படிப்பட்டது. சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது, படியேறுவது, சிறுநீர், மலக் கட்டுப்பாடு உள்ளிட்ட பத்து இனங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். சேரும்போது ஒரு முறை, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு முறை அதைப் போட்டால் முழுப் பயணமும் தெரியும். ஆனால் அதில் பேச்சுக்கு இடமில்லை. இரவு நடைக்கும் பகல் நடைக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே வாரத்துக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று என இரண்டும் வேண்டும்.

இன்னொரு எல்லை: பக்கவாதத்துக்குப் பிறகு மூளை தானாகவே கணிசமாகத் தேறுகிறது, அதுவும் முதல் மூன்று மாதங்களில் வேகமாக. அந்தக் காலத்தில் மதிப்பெண் ஏறுவதை மட்டும் வைத்து, இன்ன பயிற்சியால்தான் ஏறியது என்று சொல்லிவிட முடியாது. வாரத் தாள் நோயாளி எங்கே நிற்கிறார் என்று காட்டும். ஏன் என்று கேட்கத் தூண்டும். காரணத்தை நிரூபிக்காது.

நடைமுறையில் இந்தத் தாளைக் கெடுப்பது பெரும்பாலும் நகலெடுப்பதுதான். வேலை நெருக்கடியில் போன வாரத் தாளை அப்படியே எழுதி நாளை மட்டும் மாற்றுவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே வாக்கியமும் ஒரே மதிப்பெண்ணும் இருந்து, பக்கத்தில் தடை என்று எதுவும் எழுதப்படாமல் இருந்தால், அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை என்று அறியலாம்.

வீட்டுக்குப் போகும் தாள்

குழுவுக்கான தாளிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பக்கம் தனியாக எழுதித்தர வேண்டும். மேலே பாதுகாப்பு வரிகள்: தண்ணீரைக் கெட்டியாக்கியே கொடுங்கள், வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கீழே மூன்று குறிக்கோள்கள், பெரிய எழுத்தில், சுருக்கெழுத்து இல்லாமல். சட்டை போடும் வரிசைக்குப் படம். படிக்கத் தெரியாதவர் வீட்டிலிருந்தால் தாளைக் கொடுத்தால் போதாது. செய்துகாட்டி, அவரைத் திருப்பிச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மறுவாழ்வுச் சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்தார் வாரம் ஒருமுறை மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த வாரம் அவர் எதைச் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எட்டினாரா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? எட்டாவிட்டால் தடை என்ன? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லும் குழுவின் குறிப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. பதில் வராவிட்டால், மனம் தளராமல் மறுபடி கேட்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுதும் இருப்பவர் பார்த்ததும் ஒரு குறிப்புதான். அதையும் சனிக்கிழமை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.